மெஷின் ஓடாத மணிநேரத்தின் விலை

கோயம்புத்தூரில் மோனோபிளாக் பம்ப் செய்யும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், எண்கள் நாம் கணக்குக்காக அமைத்தவை, ஆனால் நடப்புக்கு அந்நியமானவை அல்ல. அதன் மெஷின் ஷாப்புக்கு மார்ச் மாதத்துக்கென ஒதுக்கிய மேற்செலவு 21 லட்சம் ரூபாய். மாதம் முடிந்து பில்களைக் கூட்டியபோது ஆன செலவு 21,31,200 ரூபாய். கூடுதல் 31,200 ரூபாய்தான், அதாவது ஒன்றரைச் சதவீதம். முதலாளி அந்தத் தாளை அதோடு மூடி வைத்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஆனால் அந்த 21 லட்சம், 2,000 பம்புகளுக்குப் போட்ட கணக்கு. வெளியே வந்ததோ 1,840. வேலை குறைந்த மாதத்தில் செலவும் குறைந்திருக்க வேண்டுமே, எவ்வளவு குறைந்திருக்க வேண்டும், குறையாமல் போனதற்கு என்ன காரணம் என்ற கேள்விகளுக்கு 31,200 என்ற ஒற்றை எண் பதில் சொல்லாது. அதற்காகத்தான் ஸ்டாண்டர்டு காஸ்டிங் என்னும் தர அடக்கவிலை முறையில் மேற்செலவு மாறுபாடுகளைத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள்.

ஒரு பம்புக்குள் போகும் இரும்பு வார்ப்பையும் செம்புக் கம்பியையும் எடை போட்டுவிடலாம். லேத்தில் நிற்பவரின் கூலியையும் அந்தப் பம்பின் பெயரில் எழுதலாம். மெஷின் ஓட்டும் மின்சாரம், கூலன்ட், வெட்டுமுனையாகப் பொருத்தும் கார்பைடு இன்சர்ட், கட்டட வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், இயந்திரத் தேய்மானம் ஆகியவற்றை எந்தப் பம்பின் தலையிலும் நேராக எழுத முடியாது. இவைதான் மேற்செலவுகள். இவற்றில் மின்சாரம், கூலன்ட், இன்சர்ட் மூன்றும் மெஷின் ஓடினால்தான் ஆகும். அவை மாறும் மேற்செலவு. வாடகை, சம்பளம், தேய்மானம் போன்றவை ஒரு பம்ப் செய்தாலும் இரண்டாயிரம் செய்தாலும் ஆகும்; அவை நிலையான மேற்செலவு.

நம் தொழிற்சாலையில் 13 மெஷின்கள். இரண்டு ஷிஃப்ட், மாதத்தில் 25 வேலை நாள் என்று வைத்தால் 5,200 மணிநேரம். செட்டிங் மாற்றுவதற்கும் திட்டமிட்ட பராமரிப்புக்கும் 200 மணிநேரத்தைக் கழித்தால் 5,000. ஒரு பம்புக்கு இரண்டரை மெஷின் மணிநேரம் என்பது நேர ஆய்வு செய்து வைத்த தரம். ஆகவே 2,000 பம்ப். மாறும் மேற்செலவுக்கு ஒதுக்கியது 6 லட்சம், அதாவது மணிக்கு 120 ரூபாய். நிலையான மேற்செலவுக்கு ஒதுக்கியது 15 லட்சம், மணிக்கு 300 ரூபாய். முதல் வீதம் நிஜமாகவே மணிக்கு மணி ஆகும் செலவு. இரண்டாவது அப்படியல்ல: 15 லட்சத்தை 5,000 மணிநேரத்தால் வகுத்துக் கிடைத்த எண், அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை மறந்தவர்களுக்குப் பின்னால் வரும் கணக்கு எல்லாமே தப்பாகத் தெரியும்.

இனி மார்ச்சில் நடந்தது. மெஷின்கள் ஓடியது 4,800 மணிநேரம். வெளிவந்த நல்ல பம்புகள் 1,840. தரப்படி 1,840 பம்புகளுக்கு வேண்டியது 4,600 மணிநேரம். ஒதுக்கிய 5,000, ஓடிய 4,800, ஓடியிருக்க வேண்டிய 4,600 ஆகிய இந்த மூன்று மணிநேரங்களையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

மாறும் மேற்செலவை முதலில் பார்ப்போம். 4,600 மணிநேர வேலைக்கு மணிக்கு 120 ரூபாய் வீதம் 5,52,000 ரூபாய்தான் ஆகியிருக்க வேண்டும். ஆனது 5,95,200. பாதகம் 43,200 ரூபாய். ஒதுக்கிய 6 லட்சத்தோடு நேராக ஒப்பிட்டிருந்தால் 4,800 ரூபாய் மிச்சம் என்று தெரிந்திருக்கும்! செய்த வேலையின் அளவுக்கு ஒதுக்கீட்டைச் சுருக்கிய பிறகுதான் உண்மை வெளியே வருகிறது.

இந்த 43,200 இரண்டு வழிகளில் வந்திருக்கலாம். ஓடிய ஒவ்வொரு மணிநேரத்துக்கும் செலவு கூடியிருக்கலாம். அல்லது ஒரே வேலைக்கு அதிக மணிநேரம் ஓட்டியிருக்கலாம். ஓடிய 4,800 மணிநேரத்துக்கு 120 வீதம் 5,76,000 ஆக வேண்டும். அதற்கு மேல் ஆன 19,200 ரூபாய், செலவின மாறுபாடு. தரத்துக்கு மேல் ஓட்டிய 200 மணிநேரத்துக்கு 120 வீதம் 24,000 ரூபாய், திறன் மாறுபாடு.

திறன் மாறுபாடு என்ற பெயரைக் கேட்டதும் மின்சாரத்தையோ கூலன்ட்டையோ வீணாக்கிவிட்டார்கள் என்று தோன்றும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மெஷின் நேரம் வீணானது. அதைத் தொடர்ந்து மேற்செலவும் வீணானது. மின்சாரத்தை உண்மையிலேயே வீணாக்கியிருந்தால், உதாரணமாக வேலை இல்லாதபோது ஸ்பிண்டிலை ஓடவிட்டிருந்தால், அது செலவின மாறுபாட்டில்தான் வரும். பொருளுக்கு விலை மாறுபாடு என்று ஒன்று உண்டு. அது சுத்தமாக விலையை மட்டும் பேசும். மேற்செலவின் செலவின மாறுபாடு அப்படியல்ல. யூனிட்டுக்கான கட்டணம் ஏறியதும், யூனிட்டே அதிகமாகச் செலவானதும் அதில் கலந்துதான் இருக்கும். அதனால் மொத்தத் தொகையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தலைப்பாகப் பிரிக்க வேண்டும். இங்கே பிரித்தபோது 11,000 ரூபாய் மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசலின் கூடுதல் செலவு என்றும், 8,200 ரூபாய் அளவுக்கு மீறி உடைந்த இன்சர்ட்டுகள் என்றும் தெரிந்தது. இன்சர்ட் விஷயத்துக்குத் திரும்பி வருவோம்.

அதற்குமுன் மின்கட்டணம் பற்றி ஒன்று. உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் தொழிற்சாலையின் பில்லில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, ஓடிய யூனிட்டுகளுக்கான கட்டணம். இன்னொன்று, கேவிஏ கணக்கில் வரும் டிமாண்டு கட்டணம். மெஷின் கொஞ்சமாக ஓடினாலும் இதன் பெரும்பகுதி கட்டியே ஆக வேண்டும். பல இடங்களில் முழு பில்லையும் மாறும் மேற்செலவில் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் உற்பத்தி குறையும் ஒவ்வொரு மாதமும் செலவின மாறுபாடு பாதகமாகவும், கூடும் ஒவ்வொரு மாதமும் சாதகமாகவும் வந்துகொண்டே இருக்கும். உங்கள் மாறுபாட்டு அறிக்கையில் இப்படி ஒரு ஒழுங்கு தெரிந்தால், ஷாப்பில் இருப்பவர்களைக் கேள்வி கேட்பதற்கு முன் எந்தச் செலவை எந்தக் கட்டில் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். டிமாண்டு கட்டணத்தை நிலையானதில் சேர்த்ததும் அந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிடும்.

இனி நிலையான மேற்செலவு. இதில் செலவின மாறுபாடு மிக எளிது. ஒதுக்கியது 15,00,000, ஆனது 15,36,000, பாதகம் 36,000. மணிநேரத்தைப் பெருக்க வேண்டாம், பம்பு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். இந்தச் செலவு உற்பத்தியோடு மாறாது என்று சொல்லிவிட்டோம். ஆகவே ஒதுக்கியதையும் ஆனதையும் நேருக்கு நேர் வைத்தால் போதும். 28,000 ஒரு லேத்தின் கியர்பாக்ஸைப் பழுதுபார்த்ததில் போனது, 8,000 இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறியதில் போனது. இவை நிஜமாகக் கையைவிட்டுப் போன பணம்.

சிக்கல் அடுத்ததில் இருக்கிறது. ஒவ்வொரு பம்புக்கும் இரண்டரை மணிநேரம், மணிக்கு 300 ரூபாய் என்று 750 ரூபாய் நிலையான மேற்செலவைச் சேர்த்து அடக்கவிலை போடுகிறோம். 1,840 பம்புகள் மூலம் இப்படி ஏற்றியது 13,80,000 ரூபாய். ஒதுக்கியதோ 15 லட்சம். ஏறாமல் நின்ற 1,20,000 ரூபாய்தான் அளவு மாறுபாடு. வாடகையும் சம்பளமும் கொடுத்து வைத்திருந்த இடத்தில் 160 பம்புகள் செய்யப்படவே இல்லை. அவை சுமந்திருக்க வேண்டிய பங்கு அநாதையாக நிற்கிறது.

இந்தப் பங்கை என்ன செய்வது என்பது பழைய வழக்கு. காண்ட் சார்ட் என்ற வரைபடத்தால் இன்றும் அறியப்படும் அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட், 1915இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அப்போதைய வழக்கப்படி, பாதி மெஷின்கள் சும்மா நின்ற மாதத்தில் மொத்தச் செலவையும் செய்த பொருளின் தலையிலேயே ஏற்றினார்கள். வேலை குறைந்தால் அடக்கவிலை ஏறும். அடக்கவிலை ஏறினால் விலையை ஏற்றத் தோன்றும். விலையை ஏற்றினால் வேலை இன்னும் குறையும். சும்மா நின்ற மெஷினின் செலவை ஓடிய மெஷின் செய்த பொருளின் மீது சுமத்தக்கூடாது, அதைத் தனியாகக் காட்ட வேண்டும் என்றார் காண்ட். நம் பம்பின் அடக்கவிலையில் மார்ச்சிலும் அதே 750 ரூபாய்தான் நிற்கிறது. 1,20,000 தனியாக வெளியே நிற்கிறது. அளவு மாறுபாட்டின் முதல் பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இந்த 1,20,000ஐயும் இரண்டாகப் பிரிக்கலாம். 5,000 மணிநேரம் ஓட வேண்டிய இடத்தில் 4,800தான் ஓடியது. ஓடாத 200 மணிநேரத்துக்கு 300 வீதம் 60,000 ரூபாய், இதைக் கொள்திறன் மாறுபாடு என்பார்கள். ஓடிய 4,800இலும் 4,600 மணிநேர வேலைதான் நடந்தது. வீணான அந்த 200 மணிநேரத்துக்கு இன்னொரு 60,000, இது நிலையான மேற்செலவின் திறன் மாறுபாடு. முதலாவதற்குக் காரணம் தேடினால், கியர்பாக்ஸ் போன லேத் ஆறு நாள், இரண்டு ஷிஃப்ட் நின்றதில் 96 மணிநேரம். ஹோலிக்கு ஊருக்குப் போன வடமாநிலத் தொழிலாளர்கள் திரும்பத் தாமதமானதில் 104 மணிநேரம். இரண்டாவதற்குக் காரணம் தேடினால் மறுபடி அந்த இன்சர்ட் உடைந்த கதையிலேயே போய் நிற்கிறோம்.

நடந்தது இதுதான். பிப்ரவரி கடைசியில் பர்ச்சேஸ் பிரிவு வேறொரு ஃபவுண்டரிக்கு மாறியது. ஒரு பம்புக்கான வார்ப்புகளில் 25 ரூபாய் மிச்சம். 1,840 பம்புகளுக்கு 46,000 ரூபாய் சாதகமான விலை மாறுபாடு. பர்ச்சேஸ் பிரிவுக்குப் பாராட்டு கிடைத்திருக்கும். ஆனால் அந்த வார்ப்புகளில் ஆங்காங்கே கடினமான புள்ளிகள் இருந்தன. வெட்டுமுனை அதில் மோதியதும் இன்சர்ட் சிதறும். இன்சர்ட்டை மாற்றி, அளவைச் சரிபார்த்து, மறுபடி ஓட்ட வேண்டும். சிலவற்றில் உள்ளே காற்றுத் துளை; கடைசல் முழுக்க முடிந்த பிறகு தெரிந்து கழித்துப்போட்டார்கள். மெஷின் லாக் புத்தகத்தை வைத்துப் பார்த்தால், வீணான 200 மணிநேரத்தில் 150 இப்படிப் போனது.

ஒரு காரணம், நான்கு மாறுபாடுகள். பொருள் விலையில் சாதகம். மாறும் மேற்செலவின் செலவினத்தில் பாதகம், திறனில் பாதகம். நிலையான மேற்செலவின் அளவில் பாதகம். அறிக்கையில் இவை வெவ்வேறு வரிகளில், வெவ்வேறு பொறுப்பாளர்களின் பெயருக்கு எதிரே கிடக்கும். ஷாப் ஃபோர்மேனின் பெயருக்கு எதிரே வந்த மாறுபாடு அவர் செய்ததல்ல.

அப்படியானால் மலிவு ஃபவுண்டரியை விட்டுவிட வேண்டுமா? மாறுபாடுகளை அப்படியே கூட்டுகிறவர் இப்படிக் கணக்குப் போடுவார்: இன்சர்ட் 8,200, வீணான 150 மணிநேரத்துக்கு மாறும் மேற்செலவு 18,000, அதே 150 மணிநேரத்துக்கு நிலையான மேற்செலவு 45,000. மொத்தம் 71,200. மிச்சம் பிடித்தது 46,000. ஆகவே விட்டுவிடு.

இந்தக் கணக்கில் 45,000 என்ற எண் தவறான இடத்தில் இருக்கிறது. முதல் இரண்டும் பில்லாக வந்து கொடுத்த பணம். 45,000 யாருக்கும் கொடுத்ததல்ல. நல்ல வார்ப்பு வந்து அந்த 150 மணிநேரம் மிஞ்சியிருந்தாலும் வாடகை ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. மணிக்கு 300 என்பது வகுத்துக் கிடைத்த எண் என்று முன்பே பார்த்தோம். அதை நஷ்டமாக எண்ணுவது, வகுத்ததை மறந்துவிட்டு மறுபடி பெருக்குவதுதான்.

அந்த மணிநேரத்துக்கு உண்மையான விலை ஒன்று இருக்கிறது. அது ஆர்டர் புத்தகத்தில் இருக்கிறது. மார்ச் மாதம் கோடை தொடங்கும் நேரம், பம்புக்கு டீலர்கள் காத்திருக்கும் காலம். 150 மணிநேரம் என்றால் 60 பம்ப். ஒரு பம்பை விற்றால் பொருள், கூலி, மாறும் மேற்செலவு எல்லாம் போக 1,500 ரூபாய் மிஞ்சும் என்றால் 90,000 ரூபாய் போயிற்று. அதோடு 8,200, 18,000 சேர்த்தால் 1,16,200. கூட்டிப் போட்டவர் சொன்ன 71,200ஐவிட நிலைமை மோசம். வேலையில்லாமல் கொடுத்த கூலியை இதில் சேர்க்கவில்லை. அது கூலி மாறுபாட்டில் தனியாக வரும்.

அதே ஃபவுண்டரி, அதே வார்ப்பு, அதே 150 மணிநேரம். மாதத்தை மட்டும் அக்டோபருக்கு மாற்றுங்கள். மழைக்காலம், ஆர்டர் குறைவு, மெஷின்கள் எப்படியும் கொஞ்சம் சும்மா நிற்கும். வீணான மணிநேரத்தால் விற்பனை எதுவும் இழக்கவில்லை. இப்போது உண்மையான நஷ்டம் இன்சர்ட்டும் மாறும் மேற்செலவும் சேர்ந்து 26,200 மட்டும். இத்தனை பம்புகளுக்கு மிச்சம் பிடித்ததோ 46,000. வீணான நேரத்துக்கெனக் கூலி கூடவில்லை என்றால் மலிவு வார்ப்பை வாங்குவதே லாபம்! இரண்டு மாதத்திலும் மாறுபாட்டு அறிக்கை ஒரே 60,000 திறன் மாறுபாட்டைத்தான் காட்டும். ஒன்றில் அது நஷ்டத்தைக் குறைத்துச் சொல்கிறது, மற்றொன்றில் இல்லாத நஷ்டத்தைச் சொல்கிறது. அதனால்தான் நிலையான மேற்செலவின் அளவு மாறுபாட்டையும் அதன் இரு பிள்ளைகளையும் மணிநேரமாகவே படிக்கும்படி சொல்வேன். 200 மணிநேரம் ஓடவில்லை, 200 மணிநேரம் வீணானது என்ற செய்தி மதிப்புள்ளது. அதற்கு ரூபாய்ப் பெயர் வைக்கும்போது அந்த ரூபாயைக் கணக்கேட்டை நேர் செய்ய மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மாறாக, இந்த ரூபாயை வைத்து ஒருவரின் வேலையை மதிப்பிட ஆரம்பித்தால் வேறொரு தீங்கு வரும். உற்பத்தி மேலாளருக்கு அளவு மாறுபாடு சாதகமாக இருந்தால் போனஸ் என்று வையுங்கள். அந்த மழைக்கால மாதத்தில் 1,700 பம்புக்குத்தான் ஆர்டர். அவர் ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டி 2,100 பம்ப் செய்கிறார். தரமணிநேரம் 5,250, அளவு மாறுபாடு 75,000 ரூபாய் சாதகம். அறிக்கை அழகாக இருக்கும். 400 பம்புகள் கிடங்கில் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் 750 ரூபாய் நிலையான மேற்செலவு ஏறியிருப்பதால், 3 லட்சம் ரூபாய் வாடகையும் சம்பளமும் அந்த மாதத்துச் செலவாகத் தெரியாமல் சரக்கின் மதிப்பாக ஐந்தொகையில் போய் உட்கார்ந்துகொள்ளும். லாபம் கூடியதுபோல் தெரியும். கையிலிருந்த பணமோ வார்ப்பிலும் செம்பிலும் முடங்கியிருக்கும்.

கணக்குத் தரநிலைகள் இதில் பாதியைத்தான் தடுக்கின்றன. சரக்கு மதிப்பீட்டுக்கான ஏஎஸ் 2, இண்டு ஏஎஸ் 2 இரண்டும் நிலையான உற்பத்தி மேற்செலவை வழக்கமான கொள்திறனை வைத்தே பொருள் மீது ஏற்றச் சொல்கின்றன. பல பருவங்களின் சராசரி, பராமரிப்புக்கு நிற்கும் நேரம் கழித்து, எதிர்பார்க்கக்கூடிய உற்பத்தி அது. உற்பத்தி குறைந்த மாதத்தில் ஏறாமல் நின்ற பங்கைச் சரக்கில் திணிக்கக் கூடாது, அந்தக் காலத்துச் செலவாக எழுத வேண்டும். மார்ச்சில் ஏறாமல் நின்ற மேற்செலவு அப்படித்தான் போகும். உற்பத்தி அசாதாரணமாகக் கூடினால் ஒரு பொருளுக்கான பங்கைக் குறைக்க வேண்டும், சரக்கின் மதிப்பு ஆன செலவை மீறக் கூடாது. ஆனால் விற்காத பம்பைச் செய்யாதே என்று எந்தத் தரநிலையும் சொல்லாது. ஆகவே அளவு மாறுபாடு சாதகம் என்று ஒரு மாதம் வந்தால், அதைப் பாராட்டும் முன் முடிந்த சரக்கின் இருப்பு சென்ற மாதத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஸ்டோர்ஸ் பதிவேட்டில் பார்த்துவிட வேண்டும்.